மனப்பாடம் அறுந்த இடம்

மதிப்பிற்குரிய மேடம்,

ஈ.சி.இ. கடைசி வருடம் படிக்கிறேன். ப்ளஸ் டூ வரை தமிழ் வழி. 25ஆம் தேதி திங்கட்கிழமை எங்கள் கல்லூரிக்கு முதல் கம்பெனி வருகிறது. போன மாதம் ஓர் இன்டர்ன்ஷிப் நேர்காணலுக்கு, சுய அறிமுகத்தை முப்பது தடவையாவது சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் போனேன். நடுவில் ஒரு கேள்வி கேட்டார்கள், அப்படியே நின்றுவிட்டேன். கை நடுங்கியது. மண்ணின் ஈரம் பார்த்துத் தானாகத் தண்ணீர் பாய்ச்சும் என் ப்ராஜெக்டின் பெயர்கூட வாயில் வரவில்லை. இப்போது இரவில் தூக்கம் சரியாக வருவதில்லை. எனக்கு மாக் இன்டர்வியூ எடுப்பீர்களா? செவ்வாய், வியாழன் மாலை 5 முதல் 6 வரை, சனிக்கிழமை காலை 9 முதல் 12 வரை வர முடியும். ஆறரைக்கு ஹாஸ்டல் கேட் மூடிவிடுவார்கள்.

– ஒரு மாணவி, தென்காசி மாவட்டம்

அன்புத் தங்கைக்கு,

கட்டாயம் எடுக்கிறேன். 9ஆம் தேதி சனி காலை 9 மணி, 14ஆம் தேதி வியாழன் மாலை 5 மணி, 19ஆம் தேதி செவ்வாய் மாலை 5 மணி. 23ஆம் தேதி சனிக்கிழமையை வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். இரண்டு நாள் முன்னால் ஒரு குறையைச் சொன்னால் அதைத் திருத்த நேரம் இருக்காது, பயம்தான் கூடும்.

அன்று உங்களுக்கு என்ன நடந்தது தெரியுமா? மனப்பாடம் செய்த பத்தியில் ஒரு வரிதான் அடுத்த வரியை இழுத்துக்கொண்டு வரும். நடுவில் ஒருவர் குறுக்கிட்டால் நூல் அறுந்துவிடும். முதலிலிருந்து தொடங்கத்தான் தெரியும், அதற்கு அங்கே இடமில்லை. மனம் ஒரு நேரத்தில் கையில் வைத்துக்கொள்ளக் கூடியதும் கொஞ்சம்தான். அந்த இடத்தை ‘என்ன நினைப்பார்களோ’ என்ற கவலை பிடித்துக்கொண்டது. ஆகவே 9ஆம் தேதி வரை சுய அறிமுகத்தைத் தொடாதீர்கள். பெயர், ஊர், படிப்பு, ப்ராஜெக்ட் என்று நான்கு வரி போதும்.

நேரத்தை உங்கள் கருவிக்குக் கொடுங்கள். கையால் செய்த ஒன்றை எந்தப் பக்கத்திலிருந்து கேட்டாலும் சொல்ல வழி இருக்கும். கேட்பவர்களும் அதைத்தான் தோண்டுவார்கள். இதே ப்ராஜெக்டோடு வந்த பிள்ளைகள் பலரைப் பார்த்திருக்கிறேன். கேள்விகள் பெரும்பாலும் இப்படித்தான் இறங்கும்.

‘பம்பை ஏன் நேராக ஆர்டுவினோவில் மாட்டவில்லை, ரிலே எதற்கு?’ ஆர்டுவினோ ஊனோ போர்டின் ஒரு பின் பாதுகாப்பாகத் தருவது 20 மில்லி ஆம்பியர் அளவுதான், சின்ன பம்புக்கே அதைப் போலப் பல மடங்கு வேண்டும். இதுவரை எல்லோரும் சொல்லிவிடுவார்கள். உடனே அடுத்தது வரும்: ‘ரிலே காயிலுக்கே சுமார் 70 மில்லி ஆம்பியர் வேண்டுமே, அதை அந்தப் பின் எப்படி இயக்குகிறது?’ இங்கேதான் பலர் மௌனமாகிறார்கள். ரிலே மாட்யூலில் இருக்கும் டிரான்சிஸ்டர்தான் பதில். அந்தப் பின் டிரான்சிஸ்டரைத் திறந்துவிடுகிறது, காயிலுக்கான மின்சாரம் சப்ளையிலிருந்து வருகிறது. உங்கள் ரிலே போர்டைக் கையில் எடுத்து அந்த டிரான்சிஸ்டர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பார்த்தது மறக்காது.

‘செய்யும்போது எது சரியாக வரவில்லை?’ என்றும் கேட்பார்கள். ‘எல்லாம் நன்றாக வந்தது’ என்றால், நீங்கள் செய்யவில்லை என்றே நினைப்பார்கள். உங்களுடையது இரண்டு கால் உள்ள மலிவான சென்சார் என்றால், மண்ணில் எந்நேரமும் மின்சாரம் ஓடி அதன் உலோகப் பூச்சு அரித்திருக்கும், அளவும் தாறுமாறாகப் போயிருக்கும். அளவெடுக்கும் கணத்தில் மட்டும் மின்சாரம் கொடுப்பது ஒரு வழி. நீங்கள் இதைச் செய்யாமலேயே விட்டிருந்தாலும் பரவாயில்லை, ‘அரித்தது, அப்போது காரணம் தெரியவில்லை, பிறகு தெரிந்துகொண்டேன்’ என்று உள்ளதைச் சொல்லுங்கள்.

9ஆம் தேதி இதையெல்லாம் தமிழிலேயே கேட்பேன். வேண்டுமென்றே நடுநடுவே குறுக்கிடுவேன். உங்களுக்குப் பயிற்சி வேண்டியது அந்தக் குறுக்கீட்டில்தான். பதில் வராதபோது கேள்வியை ஒருமுறை திரும்பச் சொல்லி, மூச்சை மெதுவாக வெளியே விடுங்கள். ஐந்து நொடி மௌனம் உங்களுக்கு யுகமாகத் தெரியும், எதிரே இருப்பவருக்கு யோசிப்பதாகத்தான் தெரியும். 14ஆம் தேதி அதே கேள்விகள், ஆங்கிலத்தில். ‘பம்ப் நீட்ஸ் மோர் கரண்ட், ஸோ ஐ யூஸ்ட் எ ரிலே’ என்ற அளவு வாக்கியம் தாராளமாகப் போதும். 19ஆம் தேதி உங்களுக்கு முகம் தெரியாத இன்னொருவரும் என்னோடு உட்காருவார். பழகிய முகத்தின் முன் வரும் தைரியத்தை நான் நம்புவதில்லை. ஐந்தே முக்காலுக்கு முடித்துவிடுவேன், கேட்டைப் பற்றிக் கவலை வேண்டாம்.

தூக்கத்தைத்தான் நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அடுத்த சனிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் என்னிடம் சொல்லுங்கள், டாக்டரைப் பார்ப்போம். நடுராத்திரியில் தாங்க முடியாமல் இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

வரும்போது ரெஸ்யூமே ஒரு பிரதி, ரிலே போர்டு, அந்தப் பழைய சென்சார் மூன்றையும் பையில் போட்டுக்கொண்டு வாருங்கள்.