ரிப்போர்ட் தொடங்கும் முன் அனுப்ப வேண்டிய மெயில்

கேள்வி: புதுச்சேரியில் 40 ரூம் உள்ள ஹோட்டலில் டேட்டா அனலிஸ்ட்டாக இருக்கிறேன். மாதாந்திர ஆக்குபன்சி ரிப்போர்ட் கேட்டிருக்கிறார்கள். ஃப்ரன்ட் ஆபீஸ் மேனேஜர் சொல்லும் சதவீதமும் நான் போடும் சதவீதமும் ஒத்துப்போவதில்லை. "ஆக்குபன்சியை எப்படிக் கணக்குப் போடுறீங்க?" என்று மெயில் போட்டேன். "சிஸ்டத்துல வர்றதையே எடுத்துக்கோங்க" என்று பதில் வந்தது. எப்படி எழுதினால் சரியான பதில் கிடைக்கும்?

பதில்: "எப்படி?" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும். ஃப்ரன்ட் ஆபீஸில் இருப்பவருக்கு ஆக்குபன்சி என்பது தினமும் திரையில் பார்க்கும் ஓர் எண். அதற்குள் எதைச் சேர்த்திருக்கிறது, எதைக் கழித்திருக்கிறது என்று அவர் யோசிக்க வேண்டிய வேலையே இல்லை. அதனால் வரையறையை நீங்களே எழுதி, அது எங்கெல்லாம் மாறக்கூடும் என்பதை எண்ணோடு காட்டி, ஆமாம் அல்லது இல்லை என்று சொல்லும்படி கேளுங்கள்.

மெயிலுக்கு முன் ஒரு வேலை இருக்கிறது. சென்ற மாதத்தில் எந்த வகைத் தங்கல் எத்தனை என்று எண்ணிக்கொள்ளுங்கள். டேபிள், ஃபீல்டு பெயர்கள் உங்கள் சிஸ்டத்தில் வேறாக இருக்கலாம், வடிவம் இதுதான்:

```sql
SELECT stay_type, COUNT(*)
FROM room_nights
WHERE business_date >= '2025-06-01'
  AND business_date < '2025-07-01'
GROUP BY stay_type;
```

கணக்கு புரிவதற்காக இப்படி வைத்துக்கொள்வோம். 40 ரூம், 30 நாள், மொத்தம் 1,200 ரூம்-இரவு. பணம் கட்டி இரவு தங்கியது 780. பணம் வாங்காமல் கொடுத்த காம்ப்ளிமென்டரி 24. பகலில் மட்டும் கொடுத்த டே யூஸ் 36. பழுதென்று மூடி வைத்த ரூம்கள் (இவை பெரும்பாலும் வேறு டேபிளில் இருக்கும்) 60. ஊழியர் தங்கும் ஹவுஸ் யூஸ் ரூம் ஒன்று, மாதம் முழுக்க, ஆக 30.

780-ஐ 1,200-ஆல் வகுத்தால் 65.0 சதவீதம். காம்ப்ளிமென்டரியையும் டே யூஸையும் மேலே கூட்டி, பழுதையும் ஹவுஸ் யூஸையும் கீழே கழித்தால் 840-ஐ 1,110-ஆல் வகுக்கிறோம், 75.7 சதவீதம். ஒரே மாதம், ஒரே பதிவுகள், கிட்டத்தட்ட 11 புள்ளி வித்தியாசம். உங்களுக்கும் மேனேஜருக்கும் ஒத்துப்போகாததன் காரணம் பெரும்பாலும் இந்த நான்கில்தான் இருக்கும்.

இப்போது மெயில்:

> சப்ஜெக்ட்: ஆக்குபன்சி கணக்கு: 3 முடிவுகள், புதன் மாலைக்குள் தேவை
>
> வணக்கம் மேடம்,
>
> மாதாந்திர ரிப்போர்ட்டைத் தொடங்கும் முன் எதை எண்ணுவது என்று உங்களோடு முடிவு செய்துகொள்ள வேண்டும். ஜூன் மாதத்துக்கு, எதைச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து 65.0 சதவீதமும் வருகிறது, 75.7 சதவீதமும் வருகிறது.
>
> நான் எடுக்க நினைப்பது: பணம் கட்டி இரவு தங்கிய ரூம்கள் ÷ மொத்த ரூம்கள் (40 × மாதத்தின் நாட்கள்). தேதி, நைட் ஆடிட் தேதி.
>
> 1. பழுது (60), ஹவுஸ் யூஸ் (30): மொத்தத்தில் கழிக்கவில்லை. கழித்தால் 65.0 என்பது 70.3 ஆகும். கழிக்காமல் விடலாமா?
> 2. காம்ப்ளிமென்டரி (24): சேர்க்கவில்லை. சேர்த்தால் 67.0. தனி வரியாகக் காட்டினால் போதுமா?
> 3. டே யூஸ் (36): சேர்க்கவில்லை. சேர்த்தால் 68.0. இதுவும் தனி வரி. சரிதானா?
>
> ஒவ்வொன்றுக்கும் ஆமாம் / இல்லை என்று எழுதினால் போதும். கூடவே ஜூன் 14 சனிக்கிழமையின் நைட் ஆடிட் ரிப்போர்ட்டை அனுப்புங்கள். அந்த ஒரு நாளை என் கணக்கோடு ஒத்துப் பார்த்துவிடுகிறேன். உங்கள் பதில் வரும்வரை ரிப்போர்ட்டில் "வரைவு" என்றே இருக்கும்.

கடைசி வரியைக் கவனியுங்கள். "பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன்" என்று எழுதாதீர்கள். மெயிலைத் திறக்காதவர் எதற்கும் சம்மதிக்கவில்லை. முதலாளி முன்னால் எண் தவறென்று அவர் சொன்னால் உங்கள் கையில் எதுவும் இருக்காது.

முதல் கேள்விதான் அதிக விவாதத்தைக் கிளப்பும். பல ஹோட்டல் சாஃப்ட்வேர்களில் பழுது ரூமைக் கழிப்பதா வேண்டாமா என்பது செட்டிங்கைப் பொறுத்தது. "சிஸ்டத்துல வர்றது" என்பது எதையும் முடிவு செய்யாத பதிலாவது இதனால்தான். கழிக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஒரு செவ்வாய்க்கிழமை 26 ரூம் விற்றிருக்கிறது, 65 சதவீதம். விற்காத ரூம்களில் நான்கைப் பழுதென்று பதிந்துவிட்டால் 26-ஐ 36-ஆல் வகுப்போம், 72.2 ஆகிவிடும். ஒரு ரூம்கூட கூடுதலாக விற்கவில்லை. யாரும் வேண்டுமென்றே செய்யாவிட்டாலும், ஏசி ஒழுகும் ரூமைச் சரிசெய்ய அவசரம் இல்லாமல் போகும், ஏனென்றால் அது கணக்கிலேயே இல்லை. கழிக்காமல் விட்டு, பழுதான ரூம்-இரவுகளைத் தனி வரியாகக் காட்டினால் இரண்டு செய்தியும் தெரியும். மேனேஜர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் இரண்டையும் காட்டுங்கள், ஆனால் வெவ்வேறு பெயரில்: "மொத்த ரூம் ஆக்குபன்சி", "விற்கத்தக்க ரூம் ஆக்குபன்சி". ஒரே பெயரில் இரண்டு எண் மட்டும் வேண்டாம்.

டே யூஸை விலக்கச் சொல்வதற்குக் காரணம், காலையில் டே யூஸுக்குப் போன ரூம் அன்று இரவே இன்னொருவருக்கும் போகலாம் என்பது. சேர்த்தால் ஒரே ரூம் ஒரே தேதியில் இரண்டு முறை எண்ணப்படும். ஏதாவது ஒரு நாளில் 100 சதவீதத்தைத் தாண்டினால் முதலில் இதைத்தான் பாருங்கள்.

நைட் ஆடிட் தேதி, அதாவது இரவில் அன்றைய கணக்கை மூடும்போது சிஸ்டம் வைத்திருக்கும் தேதி, என்று எழுதியதற்கும் காரணம் உண்டு. வெள்ளிக்கிழமை வேலை முடிந்து சென்னையிலிருந்து ஈசிஆரில் கிளம்புகிறவர் நள்ளிரவு ஒரு மணிக்குச் செக்-இன் ஆவார். நைட் ஆடிட் அதற்குப் பிறகு ஓடினால் அது வெள்ளி இரவின் தங்கல். செக்-இன் நேரத்தின் காலண்டர் தேதியை எடுத்தால் சனிக்கிழமைக்குப் போய்விடும். மாத மொத்தத்தில் இது முதல் நாளும் கடைசி நாளும்தான் தெரியும். வார இறுதியையும் வார நாட்களையும் பிரித்துக் காட்டும் இடத்தில்தான் கிழமைகள் இடம் மாறி நிற்கும். வெள்ளி குறைவாகவும் சனி நிரம்பி வழிவதாகவும் வந்தால் தேதியை எடுக்கும் ஃபீல்டை மாற்றிப் பாருங்கள்.

சராசரி ரூம் வாடகையும் அதே ரிப்போர்ட்டில் இருந்தால், அதை வகுக்கும் எண்ணும் இதே 780 ஆக இருக்க வேண்டும். ரூம் வருமானம் 27,30,000 ரூபாய் என்றால் சராசரி 3,500. காம்ப்ளிமென்டரியையும் சேர்த்து 804-ஆல் வகுத்தால் 3,396-க்கு இறங்கிவிடும், வாடகையைக் குறைத்தது போலத் தோன்றும். வருமானத்தை ஜிஎஸ்டி இல்லாமல் எடுங்கள்.

பதில் "ஓகே" என்று மட்டும் வந்தால் மூன்றுக்கும் ஓகேயா என்று ஒரு வரி கேட்டுவிடுங்கள். ஜூன் 14 கணக்கு ஒரு ரூம்கூடப் பிசகாமல் ஒத்துப்போன பிறகு, முடிவான வரையறையை எந்தத் தேதியிலிருந்து அமல் என்பதோடு ரிப்போர்ட்டின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். பின்னால் வரையறை மாறினால், பழைய மாதங்களையும் புதிய முறையில் திரும்பப் போட்டுவிட்டு அப்புறம்தான் ஒப்பிட வேண்டும்.