ஃபிரேமுக்கு 55 சதவீதம் என்றால் மேட்ச்சுக்கு எவ்வளவு?

ஒரு ஃபிரேமை ஜெயிக்கும் வாய்ப்பு 55% என்று வைத்துக்கொண்டால், மேட்ச் ஆட்ஸை எப்படிக் கணக்கிடுவது?

உலக ஸ்னூக்கர் சாம்பியன்ஷிப்பின் முதல் சுற்றையே எடுத்துக்கொள்வோம். 19 ஃபிரேம், முதலில் 10 எடுப்பவர் வெற்றி. 10 வந்ததும் ஆட்டம் நின்றுவிடும்தான். ஆனால் 19-ஐயும் ஆடி முடித்ததாகக் கற்பனை செய்தாலும் வெற்றியாளர் மாறமாட்டார். ஆகவே 19-இல் குறைந்தது 10 கிடைக்கும் வாய்ப்பைப் பார்த்தால் போதும். எக்செல்லில் ஒரே வரி:

```
=1-BINOM.DIST(9,19,0.55,TRUE)
```

விடை 67.1%. ஒன்றை 0.671-ஆல் வகுத்தால் நியாயமான ஆட்ஸ் 1.49. இதே ஆட்டக்காரருக்கு 7 ஃபிரேம் மேட்ச்சில் 60.8% (1.64), 35 ஃபிரேம் இறுதிப் போட்டியில் சுமார் 72%தான். ஃபிரேமுக்கு 5% கூடுதல் பலம் இருந்தும், இரண்டு நாள் நீளும் இறுதிப் போட்டியில்கூட நான்கில் ஒன்றுக்குமேல் கைவிட்டுப் போகிறது.

முதல் செஷன் முடிவில் என் ஆள் 4–5 என்று பின்தங்கிவிட்டார். ஆட்டம் போச்சா?

இல்லை. மிச்சம் 10 ஃபிரேம், அவருக்கு 6 வேண்டும். சூத்திரத்தில் 9, 19 இருந்த இடத்தில் 5, 10 போடுங்கள்: 50.4%. பின்தங்கியும் மயிரிழையில் அவர்தான் ஃபேவரிட்! ஸ்கோர்போர்டைப் பார்த்துப் பதறுகிறவர்கள் கோட்டைவிடும் இடம் இது.

டார்ட்ஸ் லெக்குகளுக்கும் இதே கணக்கு சரிவருமா?

அப்படியே போட்டால் தப்பு. லெக்கில் முதலில் எறிபவருக்கு அனுகூலம், அது மாறி மாறி வரும். உங்கள் ஆள் தான் தொடங்கும் லெக்கில் 70%, எதிராளி தொடங்குவதில் 40% ஜெயிக்கிறார் என்போம். சராசரி அதே 55%தான். 11 லெக் மேட்ச்சை அவர் தொடங்கினால் அவருக்கு 6 லெக்கில் முதல் எறி. வெற்றி வாய்ப்பு 67.6%. எதிராளி தொடங்கினால் 60.2%. ஆட்ஸில் 1.48-க்கும் 1.66-க்கும் உள்ள வித்தியாசம். முதல் எறி யாருக்கு என்று முடிவாகும் முன் விலை சொல்வதானால் இரண்டு வாய்ப்புகளின் சராசரியைத்தான் எடுக்க வேண்டும்.

நீண்ட மேட்ச்சுகளில் என் கணக்கு சந்தையைவிட எப்போதும் ஃபேவரிட் பக்கம் சாய்கிறதே?

உங்கள் 55% ஒரு ஊகம்தான், அதை உறுதி என்று நம்பிவிட்டீர்கள். உண்மையில் அது 50-ஆகவோ 60-ஆகவோ இருக்க சம வாய்ப்பு என்று வையுங்கள். 35 ஃபிரேமில் முதலாவதற்கு 50%, இரண்டாவதற்குச் சுமார் 88.6%, சராசரி 69%. அந்த 72 அங்கேயே மூன்று புள்ளி கரைந்துவிட்டது. 7 ஃபிரேம் மேட்ச்சில் இதே தடுமாற்றம் அரைப் புள்ளிகூட நகர்த்தாது.