எல்லா நட்சத்திரமும் வாங்கிவிட்டான், வாசிக்க மட்டும் வரவில்லை

கேள்வி: ஆஸ்லோவில் இருக்கிறோம். பிள்ளைகளுக்கு வயது நாலரை, எட்டு, பதின்மூன்று. வீட்டில் மூவரும் தமிழ்தான் பேசுவார்கள். எட்டு வயதுக்காரன் எழுத்து பழகும் செயலி ஒன்றை முழுதாக முடித்து எல்லா நட்சத்திரமும் வாங்கிவிட்டான். ஊரிலிருந்து வந்த மிக்சர் பாக்கெட்டைக் கொடுத்து வாசிக்கச் சொன்னால் முழிக்கிறான். யாருக்கு எந்தச் செயலி சரி?

பதில்: போனை எடுத்து வைத்துவிட்டு, ஒரு தாளில் கெ, கே, கொ மூன்றையும் எழுதி அவனிடம் காட்டுங்கள். அப்புறம் கெ-யை மூடிவிட்டு 'மெ' எழுதிக் காட்டுங்கள். முதல் மூன்றைச் சொல்லி நாலாவதில் தடுமாறினான் என்றால், அவன் ஒவ்வோர் எழுத்தையும் ஒரு படமாக மனப்பாடம் செய்திருக்கிறான் என்று அர்த்தம். புள்ளிக் கோட்டின் மேல் விரலை இழுக்கச் சொல்லும் செயலிகளில் பெரும்பாலும் இதுதான் நடக்கும், ஏனென்றால் 'கொ' அங்கே ஒரே உருவமாக வருகிறது, கொம்பும் காலும் க-வுக்கு இரண்டு பக்கமும் வந்து ஒட்டிக்கொண்டவை என்று யாரும் அவனுக்குப் பிரித்துக் காட்டுவதில்லை. 216 உயிர்மெய்யையும் படமாக யாராலும் மனதில் வைக்க முடியாது. 18 மெய்யும் 11 குறிகளும் என்றால் முடியும். அதிலும் ஒலியில் பின்னால் வரும் எகரம் எழுத்தில் முன்னால் நிற்பதுதான், இடமிருந்து வலமாக ஒலி கூட்டிப் படிக்கப் பள்ளியில் பழகிய பிள்ளையை ரொம்பக் குழப்பும்.

அதனால் அவனுக்கு அந்தச் செயலி போதும், மூடிவிடுங்கள். ட, ப, ம, ய என்ற நாலு எழுத்தையும் புள்ளியையும் வைத்துக்கொண்டு படம், பட்டம், மடம், பயம் என்று தாளில் எழுதி வாசிக்க வையுங்கள். வாரத்துக்கு இரண்டு எழுத்தும் ஒரு குறியும் சேர்த்துக்கொண்டே போனால், வாசிக்கக்கூடிய சொற்கள் தானாகப் பெருகும். குறிகள் பாதி பழகியதும் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்துக்குப் போங்கள் (storyweaver.org.in). இலவசம். கதைகளை நாலு நிலையாகப் பிரித்திருக்கிறார்கள், முதல் நிலையில் 250 சொல்லுக்குள், அதே சொற்கள் திரும்பத் திரும்ப வரும் கதைகள். எட்டு வயதுக்கு அது குழந்தைத்தனமாகத் தெரிந்தால், 'தங்கச்சிக்கு வாசித்துக் காட்டு' என்று சொல்லிப் பாருங்கள், கௌரவமாக உட்கார்ந்துகொள்வான். சில கதைகளில் குரலும் உண்டு. அதை முதலில் போடாதீர்கள், இரண்டு தடவை கேட்டால் கதை மனப்பாடமாகிவிடும், கண் எழுத்தின் மேல் ஓடுவதே இல்லை. அவன் வாசித்து முடித்த பிறகு சரிபார்க்கப் போடலாம். ஒரு வேளை 'வந்துவிட்டான்' என்று இருப்பதை 'வந்துட்டான்' என்று வாசித்தால் விட்டுவிடுங்கள், சொல்லைப் புரிந்துகொண்டுதான் வாசிக்கிறான். மைக்கில் கேட்டுத் திருத்தும் வாசிப்புச் செயலிகள் இதைத் தவறு என்று எடுத்துக்கொள்ளலாம், அதனால் இப்போதைக்கு நீங்கள் பக்கத்தில் உட்கார்வதே மேல்.

நாலரை வயதுக்காரிக்கு விரலால் இழுக்கும் செயலி பரவாயில்லை, பத்து நிமிடம், அவ்வளவுதான். வாங்குவதற்கு முன்னால் நீங்களே 'அ'-வை வால் பக்கத்திலிருந்து தலைகீழாக இழுத்துப் பாருங்கள். என் பேத்தியின் டேப்லெட்டில் நான் அப்படித்தான் செய்தேன், கைதட்டி பலூன் பறக்கவிட்டது! எங்கே தொடங்கினாலும் பாராட்டும் செயலி எழுதச் சொல்லித் தரவில்லை, வண்ணம் தீட்ட வைக்கிறது. பாட்டுக்கும் கதைக்கும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மழலைக்கல்விப் பகுதி இருக்கிறது (tamilvu.org). பார்க்கப் பழைய பாணிதான், ஆனால் நடுவில் எதையாவது வாங்கச் சொல்லித் தொந்தரவு செய்யாது.

மூத்தவளுக்கு எழுத்துச் செயலியே வேண்டாம், பதின்மூன்று வயதில் பேசும் யானையோடு அவள் உட்கார மாட்டாள். அவள் போனில் தமிழ் விசைப்பலகையைச் சேர்த்து, தாத்தா பாட்டிக்கு வாட்ஸப் அனுப்பச் சொல்லுங்கள். ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக மாற்றும் முறையை மட்டும் தவிருங்கள், எழுத்தை அது கண்டுபிடித்துக் கொடுத்துவிடும், அவள் தேர்ந்தெடுப்பதோடு சரி. ஐபோனில் தமிழ்99 என்ற விசைப்பலகை இருக்கிறது, ஆண்ட்ராய்டில் அது செல்லினம் என்ற செயலியில் கிடைக்கும். க-வைத் தட்டி இ-யைத் தட்டினால் கி. க-வை இரண்டு முறை தட்டினால் புள்ளி தானாக விழுந்து க்க. தம்பி தாளில் செய்வதையே இவள் விரலில் செய்கிறாள். ழ, ள, ல மூன்றும் தனித்தனி விசை என்பதால் ஒவ்வொரு முறையும் யோசித்தாக வேண்டும். முதல் மாதம் 'கடைக்குப் போய் பலம் வாங்கினேன்' என்றெல்லாம் வரும். தாத்தாவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: திருத்த வேண்டாம், பதிலில் 'என்ன பழம் வாங்கினாய்?' என்று சரியாக எழுதிக் கேட்டால் போதும்.