ஸ்கின் சூதாட்டம், பெட்டி திறக்கும் தளங்கள்: கேட்டதும் சொன்னதும்

கேள்வி (பதினைந்து வயதுப் பையனின் அப்பா): பையன் கவுன்டர்-ஸ்ட்ரைக் ஆடுவான். துப்பாக்கி ஸ்கினை ஏதோ தளத்தில் போட்டு விளையாடுகிறானாம். என் கார்டிலிருந்து ஒரு ரூபாய்கூடப் போகவில்லை. அப்புறம் எப்படி இது சூதாட்டம்?

ஸ்கின் என்பது துப்பாக்கிக்கு மேல் பூசும் நிறமும் படமும்தான். அதனால் குண்டு வேகமாகப் பாயாது. ஆனால் 2013 ஆகஸ்டில் இவை வந்ததிலிருந்து ஒருவர் இன்னொருவருக்கு ஸ்கினைக் கைமாற்றலாம், விற்கலாம். கைமாறுகிற பொருளுக்கு விலை வந்துவிடும் இல்லையா? சில ரூபாய் ஸ்கினும் உண்டு, லட்சங்களுக்குப் போகும் கத்தியும் உண்டு.

கவுன்டர்-ஸ்ட்ரைக்கை ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடை வழியாகத்தான் ஆடுகிறார்கள். உங்கள் பையன் தன் ஸ்டீம் கணக்கைக் காட்டி அந்தப் பந்தயத் தளத்துக்குள் போகிறான். ஸ்கினைத் தளம் சொல்லும் கணக்குக்கு அனுப்புகிறான். பதிலுக்குத் தளம் 'காயின்' தருகிறது. அதை வைத்துச் சக்கரம் சுற்றுகிறான், நாணயம் சுண்டுகிறான், உள்ளே என்ன ஸ்கின் என்று தெரியாத பெட்டியைத் திறக்கிறான். ஜெயித்தால் வேறு ஸ்கின் கிடைக்கும். அதை வெளிச்சந்தையில் விற்றால் நிஜப் பணம். கிளப்பில் பணத்தைக் கொடுத்துவிட்டுச் சில்லு வாங்கி ஆடுவார்களே, ஸ்கின் அந்தச் சில்லின் வேலையைத்தான் செய்கிறது. உங்கள் கார்டு தப்பித்தது, அவ்வளவுதான். அவன் பிறந்தநாளுக்கு வாங்கிய கிஃப்ட் கார்டு எங்கே போனது என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: நான் ஆடும் தளம் 'ப்ரோவபிளி ஃபேர்'. ஒவ்வொரு சுற்றையும் நானே சரிபார்க்கலாம். ஏமாற்றவே முடியாது. சும்மா பயமுறுத்தாதீர்கள்.

பாதி சரி. சுற்று தொடங்கும் முன்பே முடிவைத் தீர்மானிக்கும் ஒரு ரகசிய எண்ணின் ஹாஷை, அதாவது எண்ணைக் காட்டாமலே அதன் கைரேகை போல இருக்கும் குறியீட்டை, தளம் காட்டிவிடுகிறது, பிறகு எண்ணையும் வெளியிடுகிறது. ஆகவே நீங்கள் பந்தயம் வைத்த பிறகு அதை மாற்றவில்லை என்று நிரூபிக்க முடியும். ஆனால் அந்த எண் தளத்துக்கு முன்பே தெரியும் என்பதையும் யோசியுங்கள். 2016-ல் சிஎஸ்ஜிஓ டயமண்ட்ஸ் என்ற தளம், தன் விளம்பரத்துக்காக ஆடிய ஒரு பிரபல ஸ்ட்ரீமருக்கு முடிவுகளை முன்கூட்டியே சொல்லிக் கொடுத்ததை ஒப்புக்கொண்டது. பார்த்தவர்கள் எல்லாம் அதை அதிர்ஷ்டம் என்று நம்பினார்கள்.

அதைவிடப் பெரிய விஷயம், சுற்று நேர்மையாக இருந்தாலும் கணக்கு உங்களுக்கு எதிராகத்தான் இருக்கும். என் சொந்த எண்களில் ஓர் உதாரணம் போடுகிறேன். பெட்டி விலை 300 ரூபாய். நூற்றில் 90 முறை 60 ரூபாய் ஸ்கின், 9 முறை 700 ரூபாய் ஸ்கின், ஒரு முறை 12,000 ரூபாய் கத்தி. நூறு பெட்டிக்கு நீங்கள் கொடுத்தது 30,000. சராசரியாகத் திரும்பி வருவது 5,400, 6,300, 12,000 மூன்றும் சேர்ந்து 23,700. அதாவது நூறு ரூபாய்க்கு 79. வந்ததை எடுத்துக்கொண்டு யாரும் கிளம்புவதில்லை, அதையே மறுபடி போடுகிறார்கள். 1,000 ரூபாய் முதல் சுற்றில் 790, அடுத்து 624, மூன்றாவதில் 493. மூன்றே சுற்றில் பாதிக்கு மேல் காலி, யாரும் ஏமாற்றாமலே. உள்ளே போகும்போது உங்கள் ஸ்கினுக்குக் குறைந்த விலையும், வெளியே எடுக்கும்போது அவர்கள் ஸ்கினுக்குக் கூடுதல் விலையும் போட்டால், அந்த வெட்டு தனி.

கேள்வி: விளையாட்டுக்குள்ளேயே இருக்கும் பெட்டியைத்தான் திறக்கிறேன். 385 பெட்டிக்கு ஒரு கத்தி என்றார்கள். 385 திறந்தால் உறுதிதானே?

இல்லை தம்பி. சீனச் சட்டம் கேட்டதால் 2017-ல் அங்கே வெளியான விகிதப்படி மிகச் சாதாரணமான நீல ஸ்கின் 79.92 சதவீதம், கத்தி போன்ற அபூர்வப் பொருள் 0.26 சதவீதம். 385 என்பது அதிலிருந்து வந்த சராசரி. முந்தைய பெட்டிகளை அடுத்த பெட்டி நினைவில் வைத்துக்கொள்வதில்லை. 385 பெட்டி திறந்த நூறு பேரில் ஏறக்குறைய 37 பேர் கத்தியைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். பெட்டியைத் திறக்கக் காசு கொடுத்து வாங்கும் சாவி ஒன்று 2.49 டாலர் என்று வைத்தால், அதற்குள் 950 டாலருக்கு மேல் போயிருக்கும்.

கேள்வி: இவ்வளவு வெளிப்படையாக நடக்கிறதே, ஏன் யாரும் பிடிக்கவில்லை?

பணம் கட்டுவது, அதிர்ஷ்டம், மதிப்புள்ள பரிசு ஆகிய மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்தால்தான் பல நாடுகளின் சட்டம் சூதாட்டம் என்கிறது. இங்கே அது மூன்று கைகளில் பிரிந்து கிடக்கிறது. விளையாட்டை நடத்தும் வால்வ், ஸ்டீம் வாலட் பணத்தை வெளியே எடுக்க முடியாது என்கிறது. பந்தயத் தளம், நாங்கள் பணமே வாங்கவில்லை, ஸ்கின்தான் என்கிறது. வெளிச்சந்தை, நாங்கள் பந்தயமே நடத்தவில்லை என்கிறது. உரிமம் இல்லாததால் வயதைச் சரிபார்க்கவும் கட்டாயம் இல்லை, புகார் சொல்லவும் இடம் இல்லை.

2016-ல் இது அமெரிக்காவில் வெடித்தது. ட்ரெவர் மார்ட்டின், தாமஸ் காசெல் என்ற இரண்டு யூடியூபர்கள் சிஎஸ்ஜிஓ லோட்டோ என்ற பந்தயத் தளத்தில் ஜெயிப்பதாக வீடியோ போட்டார்கள். அந்தத் தளமே அவர்களுடையது என்பது ஜூலையில் அம்பலமானது. அதே மாதம் வால்வ் 23 தளங்களுக்கு நிறுத்தச் சொல்லிக் கடிதம் அனுப்பியது. அக்டோபரில் வாஷிங்டன் மாநிலச் சூதாட்ட ஆணையம் வால்வையே எச்சரித்தது. நாங்கள் சூதாட்டம் நடத்தவில்லை, கைமாற்றும் வசதி சட்டப்படியானது என்று வால்வ் பதில் எழுதியது.

அந்த இருவர் மேலும் 2017-ல் வழக்கு போட்டது அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம். உரிமையாளர் என்பதை மறைத்து விளம்பரம் செய்ததுதான் குற்றச்சாட்டு. மற்ற பிரபலங்களுக்கு 2,500 முதல் 55,000 டாலர் வரை கொடுத்து விளம்பரம் செய்ய வைத்ததும் அதில் வெளிவந்தது. சூதாட்டக் குற்றச்சாட்டு அதில் இல்லை. இனிமேல் உண்மையைச் சொல்லுங்கள் என்ற உத்தரவோடு முடிந்தது. பிள்ளைகள் தோற்ற ஸ்கின் பற்றி அந்த உத்தரவு எதுவும் பேசவில்லை. எனக்கு இன்றும் ஆறாத கோபம் அதில்தான்.

கேள்வி: கேட்டதற்குச் சம்பந்தமா தெரியவில்லை. பந்தயத் தளத்தில் லாகின் செய்தேன், இரண்டு நாள் கழித்து நண்பனுக்கு அனுப்பிய கத்தி வேறு யாருக்கோ போய்விட்டது. இதுவும் சூதாட்டத்தில் தோற்றதா?

இது திருட்டு. ஸ்டீம் போலவே இருக்கும் பொய்யான லாகின் பக்கத்தில் கடவுச்சொல்லைக் கொடுத்திருப்பீர்கள். அந்தத் திருடர்கள் உங்கள் பெயரில் ஒரு ஏபிஐ சாவி, அதாவது ஒரு நிரல் உங்கள் கணக்கை இயக்க உதவும் குறியீடு, உருவாக்கிவிட்டு, நீங்கள் ஸ்கினைக் கைமாற்ற அனுப்பும் ட்ரேடை ரத்து செய்து, நண்பனின் பெயரும் படமும் வைத்த கணக்கிலிருந்து அதே போல இன்னொன்று அனுப்புவார்கள். உடனே இந்தப் பக்கத்தைத் திறந்து, நீங்கள் போடாத சாவி இருந்தால் நீக்குங்கள்:

```
steamcommunity.com/dev/apikey
```

கடவுச்சொல்லை மாற்றி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறுங்கள். 2025 ஜூலைக்குப் பிறகு, ஏழு நாளுக்குள் என்றால் ட்ரேடைத் திருப்பும் வசதி இருக்கிறது. தாமதிக்க வேண்டாம். என்னிடமிருந்தும் 2015-ல் ஒரு ஏகே துப்பாக்கி ஸ்கின் இப்படித்தான் போனது. அப்போது இந்த வசதி இல்லை.

கேள்வி: வால்வின் பெட்டியும் அதிர்ஷ்டம்தானே? வெளித்தளங்களை மட்டும் ஏன் திட்டுகிறீர்கள்?

நியாயமான கேள்வி, எனக்கே முழுப் பதில் கிடையாது. 2018-ல் பெல்ஜியம் இத்தகைய பெட்டிகளைச் சூதாட்டம் என்றது. நெதர்லாந்தும் அதே ஆண்டு கெடுபிடி செய்ய, வால்வ் இரண்டு நாட்டிலும் பெட்டி திறப்பதை நிறுத்தியது. ஆனால் 2022-ல் வேறொரு நிறுவனத்தின் கால்பந்து விளையாட்டு வழக்கில் நெதர்லாந்தின் மிக உயர்ந்த நிர்வாக நீதிமன்றமே அபராதத்தை ரத்து செய்தது. என் கருத்து, விற்க முடிகிற பொருள் உள்ளே இருக்கும்வரை அதுவும் சூதாட்டம்தான். உடன்படாத வழக்கறிஞர்களும் இருக்கிறார்கள்.

கேள்வி (மறுபடி அந்த அப்பா): சரி. பையனிடம் சண்டை போடாமல் எங்கே பார்ப்பது?

அவனோடு உட்கார்ந்து ஸ்டீமில் ட்ரேட் ஹிஸ்டரியைத் திறக்கச் சொல்லுங்கள். ஸ்கின் கொடுத்து எதிர்ப்பக்கம் எதுவுமே வாங்காத ட்ரேடுகள், பின்னாலேயே எதுவும் கொடுக்காமல் வேறு ஸ்கின் வாங்கிய ட்ரேடுகள் மாறி மாறி இருந்தால் அதுதான் தடம். எதிரே இருப்பது சாதாரண ஆட்டக்காரரின் கணக்காகவும் இருக்கலாம், இப்போது பல தளங்கள் ஆட்டக்காரர்களுக்கு இடையிலேயே கைமாற்ற வைக்கின்றன. அதனால் பெயரை விட்டுவிட்டு, தேதியையும் போனதையும் வந்ததையும் ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். அவனே எழுதட்டும்.