அருளின் ஒன்பது மணியும் ஜெயாவின் ஏழரையும்

வணக்கம் சார்.

பாளையங்கோட்டையில் பள்ளி ஆசிரியையாக இருக்கும் ஜெயாவும் டொராண்டோ பக்கம் பிராம்டனில் கிடங்கு வேலை பார்க்கும் அருளும் இரண்டு வருடம் வீடியோ காலிலேயே காதலிக்கிறார்கள். ஒருநாள் நெட்வொர்க் கிடைக்காமல் ஒரு கால் தவறிப்போக, சந்தேகம் வந்து பிரிகிறார்கள். இதுதான் என் கதை. ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். “காதல் தெரிகிறது, தூரம் தெரியவில்லை” என்று ஒரு வரி எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பனி, விமானம், கடல் எல்லாம் எழுதியிருக்கிறேனே சார், இன்னும் எப்படித் தூரத்தைக் காட்டுவது? கதையை இணைத்திருக்கிறேன்.

எஸ்., மதுரை

அன்புள்ள எஸ்.,

கதையை இரண்டு முறை படித்தேன். இரண்டாம் முறை பக்கத்தில் ஒரு காகிதம் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு காலும் எத்தனை மணிக்கு நடக்கிறது என்று குறித்துக்கொண்டே வந்தேன். மூன்றாவது பக்கத்திலேயே மாட்டிக்கொண்டீர்கள். ஜனவரி மாதம், அருள் இரவு ஷிஃப்ட் முடிந்து பதினொன்றே முக்காலுக்கு அறைக்கு வந்து கூப்பிடுகிறான். ஜெயா விளக்கேற்றிவிட்டு வந்து போனை எடுக்கிறாள். அந்த நேரம் பாளையங்கோட்டையில் மறுநாள் காலை பத்தேகால். ஜெயா இரண்டாவது பீரியடில் கையில் சாக்பீஸோடு நிற்க வேண்டியவள்.

இதைச் சின்னப் பிழை என்று நினைக்காதீர்கள். பனியும் கடலும் பார்ப்பதற்குத்தான். அவர்கள் அன்றாடம் அனுபவிக்கிற தூரம் அந்தப் பத்தரை மணி நேரம். என் தங்கையின் மகள் டொராண்டோவில் இருக்கிறாள். தங்கை கணக்குப் போடுகிற விதம் இது: அவர்கள் மணியில் இரவைப் பகலாக்கு, பகலை இரவாக்கு, அதில் ஒன்றரையைக் கழி. அங்கே இரவு ஒன்பது என்றால் இங்கே காலை ஏழரை. பள்ளிக்கூடத்தைத் தாண்டாதவள். எந்தத் தடுமாற்றமும் இல்லாமல் சொல்லிவிடுவாள்.

இந்தக் கணக்கை வைத்து உங்கள் இருவருக்கும் ஒரு நாளை வரைந்து பாருங்கள். அருளுக்கு மாலை மூன்றிலிருந்து பதினொன்று வரை ஷிஃப்ட் என்கிறீர்கள். அப்படியானால் அவன் வேலை முடித்து வரும்போது அவள் வகுப்பில் இருப்பாள். அவள் பள்ளி விட்டு வரும்போது அவன் நல்ல தூக்கத்தில் இருப்பான். மிஞ்சுவது ஒரே ஒரு இடுக்கு: அவன் எழுந்து பல் துலக்கும் காலை ஒன்பது, அவளுக்கு இரவு ஏழரை. அவன் தூங்கி எழுந்த முகத்தோடு வருகிறான். அவள் நாற்பது நோட்டு திருத்திய களைப்போடு வருகிறாள். ஹாலில் அப்பா சீரியல் பார்த்துக்கொண்டிருப்பார், ஆகவே மொட்டை மாடி, கையில் கொசு பேட். இரண்டு வருடமும் இவன் நாளின் தலைப்பகுதியைத் தருகிறான், அவள் வால்பகுதியைத் தருகிறாள். “நீ ஏன் எப்பவும் சோர்ந்தே இருக்கே?” என்று ஒருநாள் அவன் கேட்பான். உங்கள் கதையில் சண்டை அங்கேதான் தொடங்க வேண்டும். நீங்களோ அதை ஒரு பெண் தோழியின் புகைப்படத்தில் தொடங்கியிருக்கிறீர்கள். அது எந்தக் கதையிலும் நடக்கும்.

அடுத்து நெட்வொர்க் போன நாள். கதாசிரியருக்கு வேண்டிய நேரத்தில் நெட்வொர்க் போனால் எனக்கு எரிச்சல் வரும். உங்களுக்கு அது தேவையும் இல்லை, ஏனென்றால் காலண்டரிலேயே ஒரு விபத்து காத்திருக்கிறது.

கனடாவில் பெரும்பாலான இடங்களில் மார்ச் மாதம் இரண்டாவது ஞாயிறு அதிகாலை இரண்டு மணிக்குக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுகிறார்கள். நவம்பர் முதல் ஞாயிறு திருப்பி வைக்கிறார்கள். (இந்த மாற்றமே வேண்டாம் என்று ஒன்டாரியோ 2020இல் சட்டம் போட்டது. பக்கத்திலிருக்கும் நியூயார்க்கும் கியூபெக்கும் கூட வந்தால்தான் செல்லும் என்று அதிலேயே ஒரு முடிச்சு.) நம் ஊரில் அப்படி எதுவும் இல்லை. ஆகவே மார்ச்சிலிருந்து பத்தரை மணி ஒன்பதரை ஆகிவிடும். தங்கை வீட்டில் டொராண்டோ நேரத்துக்கென்று ஹாலில் இரண்டாவது கடிகாரம் தொங்குகிறது. மார்ச்சில் யாராவது ஸ்டூல் போட்டு ஏற வேண்டும். பெரும்பாலும் ஒரு வாரம் கழித்துத்தான் ஏறுவார்கள்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமையை நிமிடம் நிமிடமாகப் பாருங்கள். நவம்பரிலிருந்து நான்கு மாதமாக அருளின் மனதில் “ஒன்பது” என்று பதிந்திருக்கிறது, ஜெயாவின் மனதில் “ஏழரை” என்று பதிந்திருக்கிறது. இரண்டும் ஒரே நேரம் என்பதால் யாரும் அதைப் பேசிக்கொண்டதே இல்லை. அன்று அருளின் போன் தானே மாறிவிட்டது. அலாரம் ஒன்பதுக்கு அடிக்கிறது, எழுகிறான், கூப்பிடுகிறான். பாளையங்கோட்டையில் மணி ஆறரை. ஜெயா சர்ச்சில் மாலை ஆராதனையில் இருக்கிறாள், போன் சைலண்டில் கைப்பைக்குள். ஒன்பது ஒன்று, ஒன்பது நான்கு, ஒன்பது இருபது என்று மூன்று முறை கூப்பிடுகிறான். ஞாயிறுகளில் பத்து மணிக்கு இன்னொரு கடையில் வேலை. பஸ் பிடித்துப் போய் போனை லாக்கரில் வைத்துப் பூட்டுகிறான். ஜெயா வீட்டுக்கு வந்து, மூன்று மிஸ்டு காலையும் பார்த்து, சீக்கிரம் எழுந்துவிட்டான் போல என்று நினைத்து, வழக்கம்போல ஏழரைக்கு மொட்டை மாடி ஏறிக் கூப்பிடுகிறாள். அங்கே மணி சரியாகப் பத்து. லாக்கருக்குள் போன் அதிர்கிறது.

வாட்ஸ்அப்பில் கூப்பிட்டுக்கொண்டே இருப்பவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். எதிர்முனை போன் அணைந்திருந்தாலோ இணையம் இல்லாவிட்டாலோ திரையில் ‘காலிங்’ என்று மட்டும் நிற்கும். அந்தப் போனைப் போய்ச் சேர்ந்தால்தான் ‘ரிங்கிங்’ என்று மாறும். இருவருமே அன்று பார்த்தது ‘ரிங்கிங்’. நெட்வொர்க் மேல் பழி போடவே வழியில்லை. போன் அடிக்கிறது, எடுக்கவில்லை, அவ்வளவுதான். உங்களுக்கு வேண்டிய சந்தேகம் இந்த ஒரு சொல்லிலேயே இருக்கிறது.

அன்றிரவு ஒருவருக்கொருவர் ஸ்க்ரீன்ஷாட் அனுப்பிக்கொள்ளட்டும். அவன் அனுப்பியதில் “9:01” என்று இருக்கும். அவள் போனில் அதே கால் “6:31”. “வழக்கமான நேரத்துலதானே கூப்பிட்டேன்” என்பான். “ஆறரைக்கு நான் எங்க இருப்பேன்னு உனக்குத் தெரியாதா?” என்பாள். இருவர் சொல்வதும் உண்மை. மணி மாறியதைக் கண்டுபிடிக்க ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகும். அதற்குள் சொன்ன சொற்களைத் திரும்ப எடுக்க முடியாது.

இதற்கு ஒரு வாசகர் “காலண்டரில் போட்டு வைத்திருக்கலாமே” என்று கேட்பார். போட்டிருக்கலாம். ஆனால் அதை யார் போட்டது என்பதைப் பொறுத்து விஷயம் மாறும். அருள் டொராண்டோ நேரத்தில் ஒன்பது மணிக்குப் போட்டு அவளுக்கு அனுப்பியிருந்தால், மார்ச்சில் அவள் போனில் அது ஆறரைக்கு நகர்ந்து சர்ச் நேரத்தில் வந்து உட்காரும். ஜெயா இந்திய நேரத்தில் போட்டிருந்தால், அவன் பக்கம் பத்து மணிக்கு நகர்ந்து வேலையில் முட்டும். அழைப்பை உருவாக்கியவருடைய நாள் அசையாது, மற்றவர்தான் தள்ளிக்கொள்ள வேண்டும். இதை நீங்கள் கதையில் எடுத்தாள வேண்டியதில்லை. ஆனால் எழுதும்போது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்று. “திரையில் இருவர் கண்களும் சந்தித்தன” என்று நான்கு இடத்தில் வருகிறது. நான்கையும் அடித்துவிடுங்கள். கேமரா போனின் உச்சியில் இருக்கிறது, அவள் முகம் திரையின் நடுவில் இருக்கிறது. அவள் கண்ணை அவன் பார்த்தால், அவளுக்கு அவன் கொஞ்சம் கீழே பார்ப்பது போலத்தான் தெரியும். அவளைப் பார்ப்பதாக அவளுக்குத் தோன்ற வேண்டுமென்றால் அவன் அந்தக் கறுப்புப் புள்ளியைப் பார்க்க வேண்டும், அப்போது அவள் முகம் அவனுக்குத் தெரியாது. ஒருவேளை அருள் இதைக் கண்டுபிடித்து, அவள் அழுகிற நாளில் மட்டும் வேண்டுமென்றே அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தால்? அவள் அழுவதை அவன் பார்க்கவில்லை, ஆனால் பார்க்கப்பட்டதாக அவள் நம்புகிறாள். உங்கள் கதையில் இல்லாத ஒரு நல்ல காட்சி இது. இலவசமாகத் தருகிறேன்.

பேச்சிலும் கொஞ்சம் இடறல் வேண்டும். உங்கள் வசனங்கள் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசுவதுபோல ஓடுகின்றன. நேரில் பேசும்போது ஒருவர் முடித்து மற்றவர் தொடங்க நாம் எடுத்துக்கொள்வது சுமாராக ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு. இணைப்பு மோசமான இரவில் குரல் போய்ச் சேரவே அதைவிட அதிக நேரம் பிடிக்கும். அவன் “சரி” என்று உடனே சொல்லியிருப்பான், அவளுக்கு அது யோசித்துச் சொன்னதாகக் கேட்கும். ஜெர்மனியில் 2014இல் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். தொலைபேசியில் ஒரு விநாடிக்கு மேல் தாமதம் வைத்தபோது, பேசியவர்கள் கோளாறைக் கருவியில் மட்டும் காணவில்லை, எதிரே பேசியவருக்குக் கவனம் குறைவு என்றும் எடைபோட்டார்கள். “கல்யாணத்துக்கு சம்மதமா?” என்ற கேள்வியை நீங்கள் நல்ல இணைப்பு உள்ள நாளில் வைத்திருக்கிறீர்கள். கெட்ட நாளுக்கு மாற்றுங்கள்.

பிரிவை நான் ஏற்கவில்லை, ஆனால் அது உங்கள் கதை. கோடையை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஒன்பதரை மணி வித்தியாசத்தில் ஜூன் மாதம் அவன் ஒன்பதும் அவள் ஆறரையும் சேரும்போது, பாளையங்கோட்டை மொட்டை மாடியில் இன்னும் சில நிமிடம் வெயில் மிச்சமிருக்கும். இருவர் முகத்திலும் ஒரே நேரத்தில் சூரியன் விழுவது அந்த நாட்களில்தான். குளிர்காலத்தில் அவளுக்கு எப்போதும் இருட்டு.

அவர்கள் அதுவரை சேர்ந்திருந்தால் நவம்பரும் வரும். அந்த முதல் ஞாயிறு அதிகாலை ஒன்றிலிருந்து இரண்டு வரை உள்ள மணி இரண்டு தடவை வருகிறது. அருள் அன்று ஓவர்டைமில் இருக்கட்டும். 1:40க்கு “முழிச்சிருக்கியா?” என்று அனுப்புகிறான். பாளையங்கோட்டையில் ஞாயிறு காலை 11:10, ஜெயா குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருக்கிறாள். அரைமணி கழித்துக் கை துடைத்துக்கொண்டு பதில் போடுகிறாள். அவன் போனில் அந்தப் பதிலுக்குப் பக்கத்தில் 1:10 என்று நிற்கும்.

திருத்தி எழுதியதும் அனுப்புங்கள். இந்த முறையும் காகிதம் வைத்துக்கொண்டுதான் படிப்பேன்.