புக்கான் ஏன் புகுந்தான் ஆனான்?

மதுரை வட்டார வாசகர்கள் கேட்டவையும், கல்லூரியில் மொழியியல் கற்பித்து ஓய்வுபெற்ற ஒருவர் சொன்ன பதில்களும்.

மேலூர் வாசகி: கட்டட வேலைக்கு வந்திருக்கும் வட மாநிலத்தவர்களுக்கு மாலையில் தமிழ் சொல்லித்தருகிறேன். பார் – பார்த்தான், படி – படித்தான் எல்லாம் உடனே பிடித்துக்கொள்கிறார்கள். முதல் நாளே தேவைப்படும் வா, போ, சொல், நில் மட்டும் முரண்டு பிடிக்கின்றன. கடினமானவற்றையே தினமும் பேசும்படி ஏன் அமைந்தது?

உங்கள் மாணவர்களிடம் அவர்களுடைய இந்தியையே கேட்டுப் பாருங்கள். 'ஜா' என்பதன் இறந்தகாலம் 'கயா'. கர் – கியா, தே – தியா, லே – லியா, ஹோ – ஹுவா. அந்த மொழியில் இறந்தகாலத்தில் முரண்டு பிடிப்பவை ஏறக்குறைய இவ்வளவுதான். போ, செய், கொடு, எடு, ஆகு என்று எல்லாமே நாள் முழுதும் வாயில் புழங்குபவை.

காரணம் நம் நினைவு வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது. 'வந்தான்' என்பதை நாம் யாரும் 'வா'விலிருந்து கட்டுவதில்லை. ஆயிரக்கணக்கான முறை கேட்டதால் அது முழுதாகவே நினைவில் கிடக்கிறது, அப்படியே எடுத்துப் பேசுகிறோம். எப்போதாவது கேட்கும் வினைக்கு அந்த வசதி இல்லை. தேவைப்படும்போது கைக்கு எட்டிய பொது வாய்பாட்டைப் போட்டு அதன் இறந்தகாலத்தை உருவாக்குகிறோம். அந்த வினைக்கு முன்பு விசித்திரமான வடிவம் ஒன்று இருந்திருந்தால், ஒரு தலைமுறை அதைப் போதுமான அளவு கேட்காமலேயே வளர்ந்துவிடும். அதோடு அந்த வடிவத்தின் கதை முடிந்தது. மொழி கடினமானவற்றைத் தேடிப் பிடித்து நமக்குத் தினமும் தரவில்லை. தினமும் பேசப்பட்டவை மட்டுமே கடினமாக இருந்தும் தப்பித்தன.

வகுப்பில் வந்தான், போனான், சொன்னான் ஆகியவற்றை விதி சொல்லாமல் முழுச் சொல்லாகவே கொடுங்கள். நாமும் அப்படித்தான் கற்றோம்.

திருமங்கலம், தமிழாசிரியர்: தமிழில் ஒழுங்கற்ற வினை என்று ஒன்றே கிடையாது. நில் + த் என்பது நின்றான் ஆவதற்குப் புணர்ச்சி விதி உண்டு. நன்னூல் படித்தவருக்கு இதில் விசித்திரம் என்ன?

பாதி ஒப்புக்கொள்கிறேன், ஐயா. ஒலி மாற்றத்துக்கு விதி இருக்கிறது. ஆனால் நில் – நின்றான், கல் – கற்றான், சொல் – சொன்னான் மூன்றையும் ஒரு மாணவன் முன் வையுங்கள். மூன்றும் குறிலை அடுத்து 'ல்'லில் முடிகின்றன. மூன்றும் மூன்று வழியில் போகின்றன. எந்த வினை எந்த வழியில் போகும் என்பதை ஒலியிலிருந்து ஊகிக்க முடியாது. அதை ஒவ்வொன்றாக நினைவில் வைத்தே ஆக வேண்டும். நான் ஒழுங்கின்மை என்பது அந்தச் சுமையைத்தான்.

தல்லாகுளம், முதுகலை மாணவர்: அரிதான வினைகளின் பழைய வடிவங்கள் உதிரும் என்கிறீர்கள். தமிழிலேயே அப்படி உதிர்ந்ததைக் காட்ட முடியுமா?

முடியும். எனக்கு மிகவும் பிடித்த இடமும் அதுதான். விடு – விட்டான், படு – பட்டான், பெறு – பெற்றான். இங்கே தனியாக இடைநிலை எதுவும் வரவில்லை. வினையின் கடைசி மெய் இரட்டித்தே இறந்தகாலம் காட்டுகிறது. பழந்தமிழில் 'கு'வில் முடியும் சில வினைகளும் இதே கூட்டத்தில் இருந்தன. புகு – புக்கான், நகு – நக்கான், மிகு – மிக்கான், தகு – தக்கான். கம்பனைப் புரட்டினால் புக்கான் அடிக்கடி எதிர்ப்படுவான்.

இன்று யாராவது 'திருடன் வீட்டுக்குள் புக்கான்' என்பார்களா? புகுந்தான் என்கிறோம். மிகுந்தது, தகுந்தது என்று மற்றவையும் 'ந்த்' வாய்பாட்டுக்கு மாறிவிட்டன. நகு என்ற வினை சிரி என்பதிடம் வேலையைப் பறிகொடுத்துவிட்டது. ('நக்கான்' என்று இன்று எழுதினால் வாசகர் வேறு எதையோ நினைப்பார், அது போனதே நல்லது.)

டுகரக் கூட்டமோ அசையவில்லை. விடு, படு, இடு, போடு என்று கனமான புழக்கமுள்ள வினைகள் அதில் இருக்கின்றன. அவற்றின் நிழலில் அவ்வளவாகப் புழங்காத 'நடு'வும் தப்பித்து 'நட்டான்' என்றே நிற்கிறது. எடுத்தான், தடுத்தான் போல 'நடுத்தான்' என்று ஆகியிருக்கலாம், ஆகவில்லை. ஆகவே ஒரு வினையைக் காப்பது அதன் புழக்கம் மட்டுமல்ல, கூட்டாளிகளின் புழக்கமும்தான். குகரக் கூட்டத்தில் அப்படித் தாங்கிப்பிடிக்க ஆள் இல்லை.

ஆனால் முழுதாக அழியவில்லை. 'மிக்க நன்றி', 'தக்க சமயத்தில்' என்ற தொடர்களைப் பாருங்கள். வினை மாறிவிட்டது, அடிக்கடி புழங்கிய தொடருக்குள் பழைய வடிவம் அப்படியே உறைந்துவிட்டது.

சோழவந்தான் வாசகி: எங்கள் பாட்டி 'புக்ககம்' என்றுதான் சொல்வார். 'புகுந்த வீடு' என்று நாங்கள் சொல்கிறோம். அப்படியானால் பாட்டி பேசியது பழைய தமிழா?

அந்த ஒரு சொல்லில், ஆம். புக்க + அகம். 'புகுந்த வீடு' அதே பொருளைப் புதிய வினைவடிவத்தில் சொல்கிறது. ஒன்று போய் மற்றொன்று வந்தது ஒரே நாளில் நடக்கவில்லை. பக்திப் பாடல்களிலேயே புக்கு, புகுந்து இரண்டும் அருகருகே வருகின்றன.

மாட்டுத்தாவணி அருகே கடை வைத்திருப்பவர்: அதிகம் பேசினால் சொல் கெட்டுப்போகும் என்கிறீர்கள். 'போயிட்டான், வந்துட்டான்' என்று இளைஞர்கள் மொழியைச் சிதைப்பதும் இதனால்தானே?

கெட்டுப்போகும் என்று நான் சொல்லவில்லை. பழையதைப் புழக்கம் காப்பாற்றுகிறது என்றேன். ஆனாலும் நீங்கள் தொட்டது அதே விஷயத்தின் மறுபக்கம். அதிகம் பேசப்படுவது ஒலியளவில் தேயவும் செய்யும்.

'வேலையை விட்டுவிட்டான்' என்பதில் ஒரே சொல் இரண்டு முறை வருகிறது. பேச்சில் அது 'விட்டுட்டான்'. முதல் 'விட்டு' முழுதாக நிற்க, துணைவினையாக வரும் இரண்டாவது மட்டும் 'ட்டான்' என்று சுருங்குகிறது. எந்த வினையோடும் ஒட்டி வருவதால் துணைவினையின் புழக்கம் பல மடங்கு, தேய்மானமும் அதற்கேற்ப. இளைஞர்கள்மேல் பழி போட வேண்டாம். போயினான், ஆயினான், சொல்லினான் என்ற பழைய வடிவங்கள் போனான், ஆனான், சொன்னான் என்று சுருங்கியதும் இதே வழியில்தான். ஓடினான், பாடினான் என்பவற்றில் அதே 'இன்' இன்னும் முழுதாக இருக்கிறது. நீங்கள் செந்தமிழ் என்று எழுதும் 'சொன்னான்' ஒரு காலத்தின் 'போயிட்டான்'.

தல்லாகுளம் மாணவர் மீண்டும்: இந்த வேகத்தை யாராவது அளந்திருக்கிறார்களா?

ஆங்கிலத்தில் அளந்தார்கள். 2007இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு, பழைய ஆங்கிலத்தின் 177 ஒழுங்கற்ற வினைகளைப் பின்தொடர்ந்தது. இடைக்கால ஆங்கிலத்தில் 145, இன்று 98 மட்டுமே அப்படியே இருக்கின்றன. நூறு மடங்கு குறைவாகப் புழங்கும் வினை, பத்து மடங்கு வேகமாகப் பொது விதிக்கு மாறுகிறது என்பது அவர்கள் கண்ட கணக்கு. எதிர்த்திசையில் போனவையும் உண்டு. 'ஸ்னீக்ட்' என்ற ஒழுங்கான வடிவத்துக்குப் பக்கத்தில் 'ஸ்னக்' என்று புதிதாக ஒன்று முளைத்தது. ஆகவே இது சராசரிக் கணக்கு. தனியொரு வினையின் ஜாதகம் ஆகாது.

உசிலம்பட்டி வாசகர்: 'செய்' எவ்வளவு அதிகம் வருகிறது! செய்தான், செய்கிறான், செய்வான் என்று ஒழுங்காகத்தானே இருக்கிறது? உங்கள் கணக்கு இங்கே உதைக்கிறதே.

புழக்கம் இருக்கும் முரணைக் காக்கும். இல்லாத முரணை உண்டாக்கியே தீர வேண்டும் என்பதில்லை. 'பார்'கூட அப்படித்தான், எவ்வளவு புழங்கியும் ஒழுங்கு மாறாதது. ஆனால் 'செய்' உண்மையில் எங்கே அதிகம் வருகிறது? அச்சில். உசிலம்பட்டிப் பேச்சில் அந்த வேலையைப் பெரும்பாலும் 'பண்ணு' செய்கிறது. நாளிதழை வைத்து எண்ணினால் ஒரு விடை, டீக்கடையில் எண்ணினால் வேறு விடை. 'பண்ணினான்' சிலர் வாயில் 'பண்ணான்' என்று சுருங்கிவிட்டதை நான் கேட்டிருக்கிறேன். சொன்னான் போன வழியில் அதுவும் போகுமா, பாதியில் நின்றுவிடுமா என்பது இன்னும் தீரவில்லை.