மணலில் மண்டி எவ்வளவு இருக்கலாம்? வாசகர் கேள்விகள்

புதுக்கோட்டையில் வீடு கட்டுகிறோம். நான் உட்லண்ட்சில் இருக்கிறேன். ஆற்று மணலைப் பாட்டிலில் போட்டுக் குலுக்கித் தம்பி படம் அனுப்பினான். மணல் 60 மில்லிமீட்டர், மேலே சேறு 9 மில்லிமீட்டர். பூச்சுக்கு ஆகுமா?

ஆகாது. 9ஐ 60ஆல் வகுத்தால் 15 விழுக்காடு. கட்டுமானத் தளத்தில் 8ஐத் தாண்டினாலே அந்த லோடைத் திருப்பி அனுப்புவார்கள். ஆனால் சோதனை சரியாக நடந்ததா என்று முதலில் கேளுங்கள். நேரான பாட்டிலில் பாதி உயரத்துக்கு மணல், முக்கால் வரை உப்புத் தண்ணீர். அரை லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி உப்பு போதும், களிமண் சீக்கிரம் படியும். நன்றாகக் குலுக்கி, மூன்று மணி நேரம் அசைக்காமல் வைத்த பிறகே அளக்க வேண்டும்.

களிமண், மணல் மணிகளின் மேல் தோல்போல் ஒட்டிக்கொள்வதால் சிமெண்டுக்குப் பிடிமானம் கிடைக்காது. அதைவிடப் பெரிய கெடுதல் தண்ணீர். களிமண் உறிஞ்சிவிடுவதால் கலவை இறுக்கமாகத் தெரியும். கொத்தனார் இன்னும் ஒரு வாளி ஊற்றுவார், பலம் அங்கேயே இறங்கிவிடும். காய்ந்ததும் சுவரில் வலைபோல் வெடிப்பு ஓடும், கையால் தேய்த்தால் மாவாக உதிரும். "சிமெண்டைக் கூட்டிப் போட்டால் சரியாகிவிடும்" என்று மேஸ்திரி சொன்னால் நம்பாதீர்கள். சிமெண்ட் கூடினால் சுருக்கமும் கூடும், வெடிப்பு குறையாது.

கழுவிப் பயன்படுத்தலாம். குவியல்மேல் குழாய் பிடித்தால் மண்டி அடியில் போய்ச் சேருமே தவிர வெளியேறாது. தொட்டியில் போட்டுக் கிளறி, கலங்கல் தண்ணீரை வழியவிட்டு, மறுபடி பாட்டிலில் சோதியுங்கள். என்னைக் கேட்டால், 15 விழுக்காட்டு மணலைக் கழுவுவதைவிட வேறு லோடு எடுப்பதே லாபம்.

பாறையை நொறுக்கிச் செய்யும் எம்-சாண்டிலும் இதே சோதனையில் 11 விழுக்காடு வந்தது. அதையும் ஒதுக்க வேண்டுமா?

அவசரப்பட வேண்டாம். மேலே படிந்தது களிமண்ணா, கிரஷரில் வந்த கல்தூளா என்று பாட்டில் சொல்லாது. கான்கிரீட்டுக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 383, 75 மைக்ரானுக்குக் கீழான தூளை ஆற்று மணலில் எடைக்கு 3 விழுக்காடும், நொறுக்கிய மணலில் 15 விழுக்காடும் அனுமதிப்பது இந்த வேறுபாட்டால்தான். ஈரத்தூளை விரலில் உருட்டிப் பாருங்கள். பிசுபிசுத்துத் திரி போல் நீண்டால் களிமண். நறநறவென்று உடைந்தால் கல்தூள். சந்தேகம் தீராவிட்டால் ஆய்வகத்தில் மெத்திலீன் புளூ சோதனை செய்யச் சொல்லுங்கள்.

பிளாக் கட்டுக்கு எம்-சாண்ட் தாராளமாகப் போதும். பூச்சுக்கு மட்டும் சன்னமாகச் சலித்த பி-சாண்ட் கேளுங்கள். கான்கிரீட்டுக்கான முனை கூர்ந்த மணலில் மட்டப்பலகை கீறிக்கொண்டே வரும். மலிவாகக் கிடைக்கும் குவாரி தூசியை எம்-சாண்ட் என்று இறக்கிவிடுவதும் உண்டு, பில்லை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள்.

ஈசூனில் என் வீட்டுச் சுவருக்குக் குத்தகையாளர் மூட்டைக் கலவைதான் போடுகிறார். அதில் கொஞ்சம் மணல் சேர்த்தால் செலவு குறையுமே?

வேண்டாம். அந்த மூட்டையில் உலர்த்திய, அளவு பிரித்த மணலும் சிமெண்டும் ஏற்கெனவே விகிதப்படி இருக்கின்றன. சிங்கப்பூருக்கு மணல் ஏற்றுமதியை இந்தோனேசியா 2007இல் நிறுத்தியது. இங்கே தனி மணலும் மலிவில்லை. தண்ணீரை மூட்டையில் அச்சிட்ட அளவுக்குமேல் ஊற்றவும் விடாதீர்கள்.